காதோரம் அக்கி வந்தால் காத்திருக்கலாமா?

நம் வீடுகளில் காதுவலிக்கு வைத்தியம் சொல்லாத பாட்டி இல்லை. பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், உப்பு ஒத்தடம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாதி நாள் வலி தானாகவே அடங்கிவிடும். அதனால் காதுவலி என்றால் நாம் யாருமே பெரிதாகப் பதறுவதில்லை.

ஆனால் சகோதரிகளே, காதுவலியோடு காது மடலிலோ காதுத் துவாரத்திலோ சின்னச் சின்ன நீர்க் கொப்புளம் எழும்பினால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே பக்கத்து முகமும் லேசாகக் கோணினால் அது காதுவலியும் இல்லை, பனிக்காற்று பட்டதும் இல்லை. காதில் வரும் அக்கி அது. நம் ஊரில் அக்கி என்றால் இடுப்பிலும் முதுகிலும் வருவது என்றுதான் பலருக்கும் தெரியும். காதிலும் வரும், வந்தால் முகத்தையே ஒரு பக்கம் செயலிழக்கச் செய்யும் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

அமெரிக்க நரம்பியல் டாக்டர் ஜேம்ஸ் ராம்சே ஹண்ட் என்பவர் 1907-ல் இதை விவரமாக எழுதிவைத்தார். அதனால் டாக்டர்கள் இதை 'ராம்சே ஹண்ட் நோய்' என்கிறார்கள். 2022-ஆம் வருஷம் ஜஸ்டின் பீபர் என்ற பிரபல பாடகர், தன் முகத்தில் ஒரு பக்கம் அசையவில்லை, ஒரு கண்ணை இமைக்க முடியவில்லை என்று படம் பிடித்துக் காட்டினாரே, அவருக்கு வந்ததும் இதேதான். அப்போது அவருக்கு வயது 28.

எங்கிருந்து வருகிறது?

சின்ன வயதில் நமக்கெல்லாம் சின்னம்மை போட்டிருக்கும். வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் விட்டு, அம்மை இறங்கிவிட்டது என்று நிம்மதி அடைந்திருப்போம். உண்மையில் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்புகளின் வேர்ப் பகுதியில் போய் ஒடுங்கி, வருஷக் கணக்கில் தூங்குகிறது. வயதாகும்போதோ, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அது விழித்துக்கொண்டு, தான் ஒளிந்திருந்த நரம்பின் வழியாகவே வெளியே வரும். அதுதான் அக்கி. ஒரே ஒரு நரம்பின் எல்லைக்குள் வருவதால்தான் இடுப்பில் வந்தால் ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டாற்போல் நிற்கிறது.

முகத்தை அசைக்கும் நரம்பின் வேரிலும் இந்தக் கிருமி ஒளிந்திருக்கலாம். அந்த நரம்பு மூளையிலிருந்து முகத்துக்கு வரும் வழியில், காதின் பின்னால் உள்ள எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக நுழைந்து வருகிறது. கிருமி அங்கே விழித்துக்கொண்டால் நரம்பு வீங்கும். கை வீங்கியவள் கண்ணாடி வளையலைக் கழற்றாமல் இருந்தால் என்ன ஆகும்? வளையல் விரிந்து கொடுக்காது, கைதான் நசுங்கும். அதே கதைதான் அந்த எலும்புக் குழாய்க்குள்ளும். நசுங்கிய நரம்பு வேலை செய்யாமல் போகிறது. அந்தப் பக்கத்து நெற்றி, கண் இமை, கன்னம், உதடு எல்லாம் சேர்ந்து தொங்கிவிடுகின்றன. கேட்கும் நரம்பும், தலை நிலையாக நிற்க உதவும் நரம்பும் பக்கத்திலேயே இருப்பதால், சிலருக்குக் காது இரைச்சல், காது மந்தம், தலை சுற்றல், வாந்தி எல்லாம் கூடவே வரும்.

எங்கள் வீட்டில் நடந்தது

2023-ஆம் வருஷம் மார்கழி மாதத்தில் என் ஓரகத்திக்கு இது வந்தது. அவளுக்கு அப்போது 44 வயது. கொஞ்சம் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரே வீட்டில் இருப்பதால் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன். நாட்கணக்கு முக்கியம் என்பதால் நாள்வாரியாகவே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இடது காதில் வலி. குத்துகிற மாதிரி, எரிகிற மாதிரி, விட்டு விட்டு வந்தது. திங்கட்கிழமை அது காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் இறங்கியது. காதில் பார்த்தால் சீழும் இல்லை, சிவப்பும் இல்லை. செவ்வாய் சாயங்காலம் மடலின் குழிவில் நாலைந்து சிவந்த பொரிகள் தெரிந்தன. புதன்கிழமை காலையில் அவை கொத்தாக நீர் கோத்துக்கொண்டு நின்றன. தலையணை பட்டால்கூட உயிர் போகிறது என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "இது அக்கிடீ. சூடு ஏறிப்போச்சு. காவி போட்டு எழுதினா ரெண்டு நாள்ல வாடிடும்" என்றார். அக்கி எழுதுகிறவரிடம் ஆள் அனுப்பினார்கள். அவர் மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் காப்பியைக் குடிக்கும்போது அது இடது கடைவாயால் வழிந்தது. வாய் கொப்புளித்தால் தண்ணீர் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, என் மூஞ்சி ஏன் இப்படி இழுக்குது?" என்று அழத் தொடங்கிவிட்டாள். என் மாமியார் பனிக்காற்று என்றார். என் மைத்துனர் பக்கவாதமோ என்று பயந்துவிட்டார். அந்தப் பயம் நல்லதாகவே முடிந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டாக்டர் முதலில் கைகளை நீட்டச் சொன்னார், பேசச் சொன்னார். கையில் பலம் குறையவில்லை, பேச்சும் குளறவில்லை. பிறகு புருவத்தை உயர்த்தச் சொன்னார். வலது பக்க நெற்றியில் சுருக்கம் விழுந்தது. இடது பக்கம் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடச் சொன்னால் இடது கண் கால்வாசி திறந்தே நின்றது. கன்னத்தை உப்பச் சொன்னால் காற்று இடது பக்கம் ஓடிப்போனது. அதன் பிறகுதான் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார். பார்த்தவுடன் காது, மூக்கு, தொண்டை டாக்டரம்மாவிடம் அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு முதல் மாத்திரை விழுங்கியாயிற்று. முகம் கோணியதிலிருந்து கணக்கிட்டால் ஆறு மணி நேரம்.

ஏன் இத்தனை அவசரம்?

இதைத்தான் நான் டாக்டரம்மாவிடம் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். இடுப்பில் அக்கி வந்த எத்தனையோ பேர் மருந்தே இல்லாமல் ஆறியிருக்கிறார்களே!

அவர் பொறுமையாகச் சொன்னார்: "கொப்புளம் எப்படியும் ஆறிடும்மா. ரெண்டு மூணு வாரத்துல காய்ஞ்சு பொருக்கு உதிர்ந்துடும். நான் மருந்து குடுக்கறது கொப்புளத்துக்கு இல்லை, உள்ளே இருக்கிற நரம்புக்கு."

இந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கி எழுதுகிற வழக்கம் எப்படி நிலைத்தது என்பதும் புரிந்தது. காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் வரைகிறார்கள். சில நாளில் கொப்புளம் வாடுகிறது. வரையாவிட்டாலும் அது வாடியிருக்கும். இடுப்பு அக்கியில் பெரும்பாலும் வெளியே தெரியும் கஷ்டத்தோடு போய்விடுவதால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. காதில் வந்தால் வெளியே கொப்புளம் வாடும் அதே நாட்களில் உள்ளே நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் காவி எட்டாது. எதையாவது குழைத்துப் புண்ணின்மேல் பூசினால் சீழ் பிடிக்கும் அபாயமும் உண்டு.

கிருமியை அடக்கும் மருந்துகளில் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் என்பவை முக்கியமானவை. இவை கிருமி தன்னைப் போல இன்னொன்றைப் பிரதியெடுப்பதைத் தடுக்கின்றன. அவ்வளவுதான் அவற்றின் வேலை. ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பை இவை சரிசெய்யாது. தூங்கும் கிருமியை அடியோடு ஒழிக்கவும் செய்யாது. அடுப்பில் பால் பொங்கி வரும்போது தீயைத் தணிக்கிறோமே, அந்த மாதிரி. பொங்குவதற்குள் தணித்தால் பால் மிஞ்சும். வழிந்த பிறகு தணித்தால் அதற்கு மேல் வழியாது, ஆனால் போனது போனதுதான். கிருமி மும்முரமாகப் பெருகுவது முதல் சில நாட்களில். அதனால்தான் மூன்று நாள், அதாவது 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஜப்பானில் இந்த நோய் வந்த 80 பேரைப் பார்த்து 1997-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே வகை மருந்துகள்தாம். தொடங்கிய நாள் மட்டும் வேறு. முகம் கோணிய மூன்று நாளைக்குள் மருந்து தொடங்கியவர்களில் நாலில் மூன்று பேருக்கு முகம் முழுசாகச் சரியானது. நாலு நாளிலிருந்து ஏழு நாளைக்குள் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அப்படி ஆனது. ஒரு வாரம் கடந்து வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான். சின்ன ஆய்வுதான் இது. இன்னாருக்கு இப்படித்தான் ஆகும் என்று இதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் நாள் போகப் போக நல்ல பங்கு எப்படிக் குறைகிறது என்று பாருங்கள்.

அதற்காக மூன்று நாள் கடந்துவிட்டது, இனிமேல் போய் என்ன பயன் என்று வீட்டில் உட்காரவும் கூடாது. பிந்தி வந்தாலும், முக்கியமாகப் புதுக் கொப்புளங்கள் கிளம்பிக்கொண்டிருந்தால், டாக்டர்கள் மருந்து கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

மருந்து எப்படிக் கொடுத்தார்கள்?

என் ஓரகத்திக்குக் கொடுத்தது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஐந்து வேளை, ஏழு நாள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று சமையலறைக் காலண்டரில் எழுதி ஒட்டி, விழுங்கியதும் அடித்துக்கொண்டே வந்தேன். இந்த மருந்து ரத்தத்தில் அதிக நேரம் நிற்காது. அதனால் வேளை தவறக் கூடாது. வாலாசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்குச் சாதாரணமாக ஆயிரம் மில்லிகிராம் வீதம் மூன்று வேளை போதும். விலைதான் கொஞ்சம் கூடுதல். இரண்டுமே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். ஆகவே இந்த அளவைப் பார்த்துவிட்டு நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள். இதே பெயரில் களிம்பும் விற்கிறது. அதைக் காதில் தடவினால் உள்ளே உள்ள நரம்புக்கு மருந்து போய்ச் சேராது.

கூடவே வீக்கம் தணிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். சில நாள் முழு அளவு, பிறகு படிப்படியாகக் குறைப்பு. டாக்டர் சொல்லாமல் பாதியில் நிறுத்தக் கூடாது. இது சர்க்கரையை ஏற்றிவிடும். சாதாரணமாக 140-க்குள் இருந்த அவளுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றாம் நாள் 230-க்குப் போயிற்று. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தினம் பரிசோதித்து, சர்க்கரை மருந்தைச் சில நாளுக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண், கர்ப்பம் எது இருந்தாலும் மருந்து எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூடாத கண்

முகம் கோணியதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். ஆனால் உடனடி ஆபத்து கண்ணுக்குத்தான். இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து, தூசி பட்டு, புண்ணாகிப் பார்வையே கெடலாம். பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டோம். ராத்திரி படுக்கும்போது டாக்டர் கொடுத்த கண் களிம்பு போட்டு, இமையை விரலால் மெல்ல இறக்கி, காகிதப் பிளாஸ்திரி ஒட்டினோம். கண் நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். திறந்த கண்மேல் பஞ்சையோ துணியையோ வைத்துக் கட்டினால் அதுவே கருவிழியை உரசிவிடும். வெளியே போனால் கண்ணாடி. தாளிக்கும்போது அடுப்படிப் பக்கமே விடவில்லை. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்து சாப்பிட்டும் ஏன் அதிகமாகிறது?

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். வியாழக்கிழமை கால்வாசி திறந்திருந்த கண் சனிக்கிழமை பாதிக்குமேல் திறந்து நின்றது. உதடு இன்னும் தொங்கியது. தலை சுற்றலும் சேர்ந்துகொண்டது. "இந்த மருந்து ஒத்துக்கலை, வேற வைத்தியம் பாக்கலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். வீக்கம் உச்சத்துக்குப் போக சில நாள் ஆகும், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றார். அடுத்த வாரமும் முகத்தில் அசைவே இல்லை. கொப்புளம் மட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியது.

நாலாவது வாரம் ஒரு நாள், சிரிக்கும்போது இடது கடைவாய் நூலளவு அசைந்தது. அதிலிருந்து மெல்ல மெல்ல ஏறுமுகம்தான். பயிற்சி சொல்லிக்கொடுப்பவர், கண்ணாடி முன் உட்கார்ந்து புருவம் தூக்குவது, உதட்டைக் குவிப்பது என்று ஒவ்வொன்றாக, மெதுவாகச் செய்யச் சொன்னார். பலங்கொண்ட மட்டும் முகத்தை இழுக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். மூன்று மாதத்தில் கண் முழுக்க மூடியது. ஆறாம் மாதம் வெளியாட்கள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு முகம் நேரானது. காது கேட்கிறதா என்று இரண்டு முறை பரிசோதித்தார்கள். முதலில் இருந்த மந்தம் பெரும்பாலும் விலகிவிட்டது. ரொம்பக் களைத்துப்போன நாட்களில் மட்டும் இடது இமை கொஞ்சம் சோர்ந்து தெரியும்.

எங்கள் தெருவிலேயே அறுபது வயதான இன்னோர் அம்மாளுக்கும் இதே நோய் வந்திருக்கிறது. காதுவலிக்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கொப்புளத்துக்குக் காவி. முகம் கோணியதும் முகவாதத் தைலம். பதினோராம் நாள் பெரிய டாக்டரிடம் போனார்கள். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. சாப்பிட வாயை அசைத்தால் அந்தப் பக்கத்துக் கண் தானாக மூடிக்கொள்கிறது. நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிப்போய், வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விட்டதாம். காதோரத்தில் எரிச்சலும் விட்டபாடில்லை. முதல் நாளே போயிருந்தால் அந்த அம்மாளுக்கு நிச்சயம் குணமாகியிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வயதும் ஒரு காரணம்தான். ஆனால் நல்ல வாய்ப்பு இருந்த நாட்கள் அந்தப் பதினொன்றில் முதல் மூன்று.

எப்படிக் கண்டுகொள்வது?

முகம் ஒரு பக்கம் கோணினால் மூன்று விதமாக இருக்கலாம். ஒன்று பக்கவாதம். அதில் சாதாரணமாக முகத்தின் கீழ்ப் பாதிதான் தொங்கும், நெற்றி சுருங்கும். கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குளறலோ கூட வரும். இரண்டாவது, காரணம் தெரியாமல் வரும் முகவாதம். அதில் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும். காதின் பின்னால் கொஞ்சம் வலி இருக்கலாம், கொப்புளம் இருக்காது. மூன்றாவதுதான் இந்தக் காது அக்கி: நெற்றியும் செயலிழக்கும், வலி கடுமையாக இருக்கும், கொப்புளமும் இருக்கும். இதை வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றுக்குமே அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

கொப்புளம் எப்போதும் கண்ணில் படும் இடத்தில் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காதுத் துவாரத்தின் உள்ளே இருக்கும். சிலருக்கு வாய்க்குள் மேலண்ணத்திலோ நாக்கின் முன்பக்கத்திலோ இருக்கும். வாய்ப்புண் என்று நினைத்துவிடுவோம். சிலருக்கு முகம் முதலில் கோணி, கொப்புளம் இரண்டு மூன்று நாள் கழித்து வரும். அதனால் வெறும் முகவாதம் என்று மருந்து வாங்கி வந்த பிறகு காதில் பொரி தெரிந்தால், அடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் உடனே திரும்பப் போய்க் காட்ட வேண்டும். காதைச் சுற்றி முடி மறைத்துக்கொண்டிருக்கும். தோடும் மாட்டலும் வேறு. அவற்றைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில்

அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீரில் கிருமி இருக்கிறது. சின்னம்மை வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள் மேல் அது பட்டால் அவர்களுக்குச் சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். காதைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்வதையும், சின்னம்மை வராத கர்ப்பிணி பக்கத்தில் வருவதையும் அதுவரை தவிர்க்க வேண்டும்.

அக்கி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. 50 வயது ஆனவர்களுக்கு இரண்டு முறை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போடுகிறார்கள். 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை அதிகம்தான். சர்க்கரை உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். நோய் வந்த பிறகு இந்த ஊசி அதற்கு மருந்தாகாது.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கூட்டமான ஆஸ்பத்திரியில் "காது வலிக்குது" என்று மட்டும் சொன்னால் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "முகம் கோணிடுச்சு" என்று மட்டும் சொன்னால் தலைமுடிக்குள் இருக்கும் காதை யாரும் பார்க்காமல் விட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். காதில் கொப்புளம் இருக்கிறது, அதே பக்கம் முகம் அசையவில்லை, கொப்புளம் இன்ன நாள் வந்தது, முகம் இன்ன நாள் இன்ன நேரத்தில் கோணியது, சர்க்கரை அல்லது சிறுநீரகக் கோளாறு உண்டு அல்லது இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதி, தோடு மாட்டலைக் கழற்றி, முடியை உயரத் தூக்கிக் கட்டி அழைத்துப் போங்கள்.